வழக்கறிஞர் பில்லில் கட்டணம், கட்சிக்காரருக்காகச் செலுத்திய தொகை, வரி: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கடைசியில் கொடுக்கப்போவது ஒரே தொகைதானே, அதை ஏன் மூன்றாகப் பிரிக்க வேண்டும்?

பிரிப்பதா, சேர்ப்பதா என்பதைப் பொறுத்து அந்தக் கடைசித் தொகையே மாறிவிடும் என்பதுதான் முதல் காரணம். வழக்கறிஞர் தம் உழைப்புக்காக வாங்கும் கட்டணம் ஒரு சேவையின் விலை. சேவைக்கு வரி விதிக்கும் எந்த நாட்டிலும் அந்த வரி கணக்கிடப்படுவது இந்த விலையின் மீதுதான். கட்சிக்காரர் நீதிமன்றத்துக்குக் கட்ட வேண்டிய கட்டணத்தை வழக்கறிஞர் தம் கையிலிருந்து போட்டுக் கட்டிவிட்டுப் பிறகு திரும்ப வாங்கினால், அது விலை அல்ல. கடனைத் திருப்பி வாங்குவது போன்றது. அதன் மீது வரி போட இடமில்லை. இரண்டையும் ஒரே உருப்படியாகச் சேர்த்து, கூட்டிய தொகையின் மீது வரி போட்டால், வரி இல்லாத பணத்துக்கும் கட்சிக்காரர் வரி கட்ட நேர்கிறது.

இரண்டாவது காரணம் வழக்கறிஞரின் கணக்குப் புத்தகத்தைச் சார்ந்தது. கட்டணம் அவருடைய வருமானம். கட்சிக்காரருக்காகச் செலுத்தித் திரும்ப வந்த தொகை அவருடைய வருமானமும் அல்ல, அவருடைய செலவும் அல்ல. அதை வருமானத்தில் சேர்த்துவிட்டால், செய்யாத தொழிலுக்கான வரவு புத்தகத்தில் ஏறி, வருமான வரிக் கணக்கிலும் சேவை வரிக் கணக்கிலும் விளக்கம் சொல்ல வேண்டிய வேறுபாடாக நிற்கும்.

எது கட்சிக்காரருக்காகச் செலுத்தியது, எது வழக்கறிஞரின் சொந்தச் செலவு? இரண்டுக்கும்தான் ரசீது இருக்கிறதே?

ரசீது இருப்பது இரண்டுக்கும் பொதுவானது; அதை வைத்துப் பிரிக்க முடியாது. பார்க்க வேண்டியது, அந்தப் பணத்தைக் கட்டும் கடமை யாருடையது என்பதை. வழக்கு தொடுப்பவர் கட்சிக்காரர். ஆகவே நீதிமன்றக் கட்டணத்தைச் செலுத்தும் கடமையும் அவருடையது. ஆவணத்துக்கான முத்திரைத் தீர்வையும் பதிவுக் கட்டணமும் அப்படியே. இவற்றை வழக்கறிஞர் கட்டினாலும் அவர் அந்த இடத்தில் கட்சிக்காரரின் கையாக மட்டுமே செயல்படுகிறார். மாறாக, வெளியூர் நீதிமன்றத்துக்குப் போக அவர் வாங்கிய ரயில் டிக்கெட், தங்கிய விடுதி, அலுவலகத்தில் எடுத்த ஜெராக்ஸ், அனுப்பிய கூரியர் ஆகியவை அவர் தம் சேவையைச் செய்து முடிக்கத் தாமே வாங்கிப் பயன்படுத்திய பொருள்களும் சேவைகளும் ஆகும். அறை வாடகையைக் கட்டும் கடமை விடுதியில் தங்கிய வழக்கறிஞருக்கு இருந்ததே தவிர, கட்சிக்காரருக்கு இல்லை. அதைப் பிறகு கட்சிக்காரரிடம் வாங்குவதாக ஒப்பந்தம் இருக்கலாம். அதனால் அது சேவையின் விலையில் ஒரு பகுதி ஆகிறதே தவிர, கட்சிக்காரர் சார்பில் கட்டிய பணமாக மாறிவிடுவதில்லை.

சட்டங்கள் இதை வெவ்வேறு சொற்களில் சொன்னாலும் கருத்து ஒன்றுதான். ஐரோப்பிய ஒன்றியத்தின் 2006-ஆம் ஆண்டு மதிப்புக் கூட்டு வரி நெறிமுறையில் 79-ஆவது பிரிவு, வாடிக்கையாளரின் பெயரிலும் அவர் சார்பிலும் செய்த செலவைத் திரும்பப் பெறும்போது அந்தத் தொகை வரிக்குரிய மதிப்பில் சேராது என்கிறது. ஆனால் சேவை வழங்குபவர் அதைத் தம் புத்தகத்தில், வரவிலும் செலவிலும் சேர்க்காமல் தற்காலிகமாகப் பதிந்து வைக்கும் அனாமத்துக் கணக்கில் பதிந்திருக்க வேண்டும், உண்மையில் செலவான தொகையை நிரூபிக்க வேண்டும், அதில் அடங்கிய வரிக்குத் தாம் வரவு எடுத்துக்கொள்ளக் கூடாது, அதாவது தாம் அரசுக்குக் கட்ட வேண்டிய வரியிலிருந்து அதைக் கழித்துக்கொள்ளக் கூடாது. இந்தியாவின் மத்திய சரக்கு மற்றும் சேவை வரி விதிகளில் 33-ஆவது விதி இதையே ‘தூய முகவர்’ என்ற கருத்தின் வழியாகச் சொல்கிறது: கட்சிக்காரரின் அதிகாரத்தின் பேரில் மூன்றாம் நபருக்குப் பணம் செலுத்தியிருக்க வேண்டும், அந்தத் தொகை பில்லில் தனியாகக் காட்டப்பட்டிருக்க வேண்டும், அப்படி வாங்கித் தந்தது வழக்கறிஞரின் சொந்தச் சேவைக்குக் கூடுதலான ஒன்றாக இருக்க வேண்டும், வாங்கிய பொருளையோ சேவையையோ அவர் தம் நலனுக்குப் பயன்படுத்தியிருக்கக் கூடாது, செலவான தொகையை மட்டுமே திரும்பப் பெற்றிருக்க வேண்டும்.

அந்த விதியே தரும் எடுத்துக்காட்டு நம் விஷயத்துக்கு மிக அருகில் இருக்கிறது. ஒரு நிறுவனத்தைப் பதிவு செய்யும் சட்டப் பணியை மற்றொரு நிறுவனம் ஏற்கிறது. தன் கட்டணத்தோடு, பதிவாளரிடம் செலுத்திய பதிவுக் கட்டணத்தையும் பெயர் ஒப்புதல் கட்டணத்தையும் திரும்பப் பெறுகிறது. அந்தக் கட்டணங்கள் பதிவு செய்யப்படும் நிறுவனத்தின் மீது கட்டாயமாக விதிக்கப்பட்டவை என்பதால், அவை சேவையின் மதிப்பில் சேராது என்று அந்த எடுத்துக்காட்டு முடிகிறது. ‘யார் மீது விதிக்கப்பட்டது’ என்ற அந்த ஒரு கேள்வியை ஒவ்வோர் உருப்படியிடமும் கேட்டாலே பெரும்பாலானவை தாமாகப் பிரிந்துவிடும்.

ஒரு பில்லைக் கணக்குப் போட்டுக் காட்ட முடியுமா?

பணம் வசூலிக்கும் ஒரு வழக்கை எடுத்துக்கொள்வோம். சேவை மீதான வரி 10 விழுக்காடு என்றும், அதை வழக்கறிஞரே வசூலித்துக் கட்டுகிறார் என்றும் கணக்கு எளிதாக இருக்க வைத்துக்கொள்வோம். நாணயம் எதுவானாலும் முறை மாறாது. வழக்குரை தயாரித்துத் தாக்கல் செய்ய 40,000, மூன்று விசாரணைகளுக்குத் தலா 10,000 என்று பேசியிருக்கிறார்கள். பயணத்துக்கும் தங்குவதற்கும் 6,000, நகல்களுக்கும் கூரியருக்கும் 2,000 ஆகியிருக்கின்றன. நீதிமன்றக் கட்டணம் 25,000. கணக்குகளைச் சரிபார்த்து அறிக்கை தர ஒரு நிபுணரைக் கட்சிக்காரர் அமர்த்தினார். அவருடைய கட்டணம் 10,000, அதன் மீது வரி 1,000. கட்சிக்காரர் பெயருக்கு வந்த அந்த 11,000-க்கான பில்லை வழக்கறிஞர் கட்டிவிட்டார்.

| விவரம் | தொகை |
|---|---|
| அ. தொழிற்கட்டணம் | |
| வழக்குரை தயாரிப்பும் தாக்கலும் | 40,000 |
| விசாரணையில் ஆஜரானது, 3 நாள் | 30,000 |
| பயணம், தங்கும் செலவு | 6,000 |
| நகல், கூரியர் | 2,000 |
| வரிக்குரிய மதிப்பு | 78,000 |
| ஆ. வரி, 10 விழுக்காடு | 7,800 |
| இ. கட்சிக்காரர் சார்பில் செலுத்தியவை | |
| நீதிமன்றக் கட்டணம், ரசீது இணைப்பு 1 | 25,000 |
| நிபுணர் கட்டணம், பில் இணைப்பு 2 | 11,000 |
| மொத்தம் | 1,21,800 |

பயணமும் நகலும் ‘அ’ பகுதியில் இருப்பதைக் கவனிக்கவும். செலவு என்ற பெயரில் இருப்பதால் அவற்றை ‘இ’ பகுதிக்குத் தள்ளுவதுதான் நடைமுறையில் மிக அதிகமாகக் காணப்படும் தவறு. அப்படிச் செய்தால் வரி 7,000 ஆகக் குறையும். கட்சிக்காரருக்கு 800 மிச்சம் போலத் தெரியும். தணிக்கையில் அந்த 800-உம் அதற்கான வட்டியும் வழக்கறிஞர் தலையில் விழும், அதற்குள் கட்சிக்காரரின் வழக்கும் முடிந்து, கேட்டு வாங்கும் வாய்ப்பும் போயிருக்கும்.

எதிர்ப்பக்கத் தவறில் கட்சிக்காரர் நட்டப்படுவார். எல்லாவற்றையும் சேர்த்து 1,14,000 என்று போட்டு அதன் மீது வரி போட்டால் வரி 11,400 ஆகும், மொத்தம் 1,25,400. கூடுதலான 3,600-இல் 2,500 நீதிமன்றக் கட்டணத்தின் மீது விழுந்தது. அதற்கு வரியே கிடையாது. மீதி 1,100 நிபுணர் கட்டணத்தின் மீது விழுந்தது. அங்கே ஏற்கெனவே கட்டிய 1,000 வரியின் மீதும் வரி போடப்பட்டிருக்கிறது.

வரியை ‘இ’ பகுதிக்கு முன்பாக வைத்திருப்பதற்கும் காரணம் உண்டு. பலர் மூன்றையும் வரிசையாக எழுதி, கடைசியில் வரியைப் போடுகிறார்கள். அது தவறு அல்ல என்றாலும், வரி எதன் மீது கணக்கிடப்பட்டது என்பதைப் படிப்பவர் தேட வேண்டியிருக்கிறது. வரிக்குரிய மதிப்பு, அதை அடுத்து வரி, அதற்குக் கீழே வரி தொடாத தொகைகள் என்ற வரிசையில் அந்தத் தேடல் வேண்டியிருக்காது.

நிபுணரின் பில் வழக்கறிஞர் பெயரில் வந்துவிட்டது. இனி அதை எப்படிக் காட்டுவது?

முதலில் பார்க்க வேண்டியது, நிபுணரை அமர்த்தியது உண்மையில் யார் என்பதை. கட்சிக்காரர் அமர்த்தி, அறிக்கையும் அவருக்காகவே எழுதப்பட்டு, பில்லில் மட்டும் முகவரி மாறியிருந்தால், நிபுணரிடம் சொல்லிக் கட்சிக்காரர் பெயருக்குத் திருத்திய பில் வாங்குவதே சுத்தமான வழி. வழக்கறிஞரே தம் வாதத்துக்கு உதவியாக அவரை அமர்த்தியிருந்தால், பில் அவர் பெயரில் வந்தது சரியே. அப்போது அது கட்சிக்காரர் சார்பில் செலுத்திய தொகை அல்ல.

இரண்டாவது நிலையில் வழக்கறிஞர் தாம் கட்டிய 1,000 வரிக்குத் தம் கணக்கில் உள்ளீட்டு வரி வரவு எடுத்துக்கொண்டு, 10,000-ஐ மட்டும் ‘அ’ பகுதியில் சேர்க்க வேண்டும். அதன் மீது 1,000 வரி வரும். கட்சிக்காரர் கொடுப்பது அதே 11,000. வழி மாறினாலும் தொகை மாறவில்லை. தொகை மாறுவது, வரவு எடுக்காமல் 11,000-ஐயும் அப்படியே ‘அ’ பகுதியில் போடும்போதுதான்: அதன் மீது 1,100 ஏறி, கட்சிக்காரர் 12,100 கொடுக்கிறார். வரவை எடுத்துக்கொண்டு, அதே 11,000-ஐ ‘இ’ பகுதியில் காட்டுவது இதைவிட மோசம். ஒரே 1,000 வரி, அரசிடமிருந்து ஒரு முறையும் கட்சிக்காரரிடமிருந்து ஒரு முறையுமாக இரண்டு முறை வழக்கறிஞருக்குக் கிடைத்துவிடும். வரவு எடுக்கும் உரிமையே இல்லாத வழக்கறிஞருக்கு, பில் யார் பெயரில் வாங்குவது என்பதைத் தொடக்கத்திலேயே முடிவு செய்வது இந்தக் காரணத்தால் இன்னும் முக்கியம்.

கட்சிக்காரர் வரிப் பதிவு பெற்ற வணிகராக இருந்தால் இன்னொரு விளைவும் உண்டு. நிபுணரின் பில் அவர் பெயரில் இருந்தால் அந்த 1,000-க்கு வரவு எடுக்கும் வாய்ப்பு அவருக்கே கிடைக்கும். அதற்கு மூலப் பில் அவர் கைக்குப் போய்ச் சேர வேண்டும். வழக்கறிஞர் தம் கோப்பில் மூலத்தை வைத்துக்கொண்டு நகலை மட்டும் அனுப்புவது இங்கே உதவாது.

சொத்து ஆவணங்களைத் தேட ஆகும் கட்டணம் எந்தப் பக்கம் சேரும்?

இதுதான் உண்மையான எல்லைக்கோட்டு விஷயம். கேள்வி நீதிமன்றம் வரைக்கும் போயிருக்கிறது. பிரிட்டனில் 2017-இல் முடிவான பிராப்னர்ஸ் வழக்கில், ஒரு வழக்கறிஞர் நிறுவனம் சொத்து வாங்குபவர்களுக்காக மின்வழித் தேடல் அறிக்கைகளை வாங்கி, அதற்கான கட்டணத்தை வரி இல்லாமல் கட்சிக்காரர்களிடம் திரும்ப வாங்கியது. அறிக்கையை வாங்கிக் கையில் கொடுத்ததோடு நிறுவனம் நிற்கவில்லை. அதைப் படித்து, அதிலுள்ளவற்றைக் கொண்டு தன் ஆலோசனையை வழங்கியது. ஆகவே தேடல் அதன் சொந்தச் சேவையின் உள்ளுறுப்பு என்றும், அந்தக் கட்டணத்துக்கும் மதிப்புக் கூட்டு வரி உண்டு என்றும் தீர்ப்பாயம் முடிவு செய்தது.

இந்த முடிவு மற்ற நாடுகளைக் கட்டுப்படுத்தாது. ஆனாலும் அதன் தருக்கம் எங்கும் பயன்படும். வில்லங்கச் சான்றின் நகலை வாங்கித் தரச் சொல்லிக் கட்சிக்காரர் கேட்டு, அது அப்படியே அவர் கைக்குப் போனால், ‘இ’ பகுதி. அதே சான்றைப் படித்து உரிமை குறித்த கருத்துரை எழுதுவதற்காக வழக்கறிஞர் வாங்கினால், அது அவருடைய வேலைக்கான மூலப்பொருள். ‘அ’ பகுதியில் வைப்பதே பாதுகாப்பு. ஐயம் உள்ள உருப்படியை வரிக்குரிய பக்கம் வைத்துவிடலாம் என்பது என் கருத்து. இத்தகைய கட்டணங்கள் பொதுவாகச் சிறியவை, அவற்றின் மீதான வரி அதைவிடச் சிறியது, வரித் துறையோடு ஒரு கடிதப் போக்குவரத்து தொடங்கினால் ஆகும் நேரம் அந்த வரியை எளிதில் விழுங்கிவிடும்.

செலுத்திய தொகையோடு கொஞ்சம் சேர்த்து, ரவுண்டாக வாங்கலாமா?

கூடாது. 25,000 கட்டியிருந்தால் பில்லில் 25,000 மட்டுமே வர வேண்டும். 26,000 என்று எழுதிய கணத்தில் அது செலவான தொகையைத் திரும்பப் பெறுவது என்ற தன்மையை இழக்கிறது. கூடுதலான 1,000 மட்டுமன்றி முழுத் தொகையுமே வரிக்குரியது என்று வாதாட இடம் ஏற்படுகிறது. வரிசையில் நின்று கட்டிய உழைப்புக்கும் அலைச்சலுக்கும் பணம் வாங்க வேண்டும் என்றால், அதை ‘தாக்கல் பணிக்கான கட்டணம்’ என்று ‘அ’ பகுதியில் நேராக எழுதுவதில் தடை எதுவும் இல்லை.

‘இதர செலவுகள், 5,000’ என்ற உருப்படியும் இதே வகைதான். எதற்கு, எப்போது, யாருக்கு என்ற விவரம் இல்லாத தொகையை யார் சார்பிலும் செலுத்தியதாக நிரூபிக்க முடியாது. அதைக் கட்டணத்தின் பகுதியாகவே வரித் துறை பார்க்கும்.

முன்பணம் கொடுத்திருக்கிறேன். அதைப் பில்லில் எங்கே கழிப்பது?

மொத்தத்துக்குக் கீழே கழிக்க வேண்டும். வரிக்குரிய மதிப்பிலிருந்து கழிக்கக் கூடாது. மேலே காட்டிய பில்லில் 50,000 முன்பணம் இருந்தால், 1,21,800-இலிருந்து கழித்து, நிலுவை 71,800 என்று எழுத வேண்டும். 78,000-இலிருந்து 50,000-ஐக் கழித்து, மீதி 28,000-க்கு மட்டும் வரி போடும் பில்கள் வருவதுண்டு. முன்பணத்துக்கு ஏற்கெனவே வரிப் பில் கொடுத்து வரியும் கட்டியிருந்தால் ஒழிய, அது வரியைக் குறைத்துக் காட்டுவதாகும்.

முன்பணத்தை வாங்கும்போதே அது எதற்கானது என்று எழுதி வைப்பது இன்னும் முக்கியம். கட்டணத்துக்கான முன்பணத்தை வாங்கியவுடனேயே வரி கட்ட வேண்டிய நாடுகள் பல உண்டு. நீதிமன்றக் கட்டணத்துக்காக ஒதுக்கிக் கொடுத்த பணத்துக்கு அந்தக் கடமை இல்லை. இந்திய பார் கவுன்சில் விதிகள் இந்தப் பிரிவைத் தொழில் ஒழுக்கத்தின் பகுதியாகவே ஆக்கியிருக்கின்றன: கட்சிக்காரரிடம் வாங்கிய பணம் கட்டணத்துக்கா, செலவுக்கா என்று கணக்கில் குறிக்க வேண்டும், வழக்கு நடந்துகொண்டிருக்கும்போது, செலவுக்காகக் கொடுத்த பணத்தைக் கட்சிக்காரரின் எழுத்துப்பூர்வ ஒப்புதல் இல்லாமல் கட்டணத்துக்குத் திருப்பிக்கொள்ளக் கூடாது. ‘முன்பணம் 50,000 பெற்றேன்’ என்று மட்டும் எழுதிய ரசீது இந்தக் கடமையை நிறைவேற்றாது. ‘நீதிமன்றக் கட்டணத்துக்கும் நிபுணர் கட்டணத்துக்கும் 36,000, தொழிற்கட்டணத்துக்கு 14,000’ என்று எழுதினால், பில் வரும் நாளில் இரண்டு பக்கத்தாருக்கும் வேலை குறையும்.

என் வழக்கறிஞரின் பில்லில் வரி இடம் காலியாக இருக்கிறதே. வரியே இல்லையா?

இரண்டில் ஒன்றாக இருக்கலாம். சேவைக்கு வரி விலக்கு இருக்கலாம். அல்லது வரியைச் சேவை பெற்றவரே நேராக அரசுக்குக் கட்ட வேண்டும் என்று சட்டம் சொல்லியிருக்கலாம். இந்தியாவில் இரண்டுமே உண்டு. தனி வழக்கறிஞரோ வழக்கறிஞர் நிறுவனமோ வணிக அமைப்பு அல்லாத ஒருவருக்கு வழங்கும் சட்டச் சேவைக்குச் சரக்கு மற்றும் சேவை வரியில் விலக்கு இருக்கிறது; விலக்கு வரம்புக்கு மேல் விற்றுமுதல் உள்ள வணிக அமைப்புக்கு வழங்கினால், அந்த அமைப்பே ரிவர்ஸ் சார்ஜ் முறையில் வரியைக் கட்ட வேண்டும். ஐரோப்பிய ஒன்றியத்தில் ஒரு நாட்டின் வழக்கறிஞர் மற்றொரு நாட்டின் வணிகருக்கு ஆலோசனை வழங்கும்போதும் பொதுவாக இந்த முறைதான்.

காலியாக விட்டிருப்பதே குறை. விலக்கு என்றால் விலக்கு என்றும், பெறுபவர் கட்ட வேண்டும் என்றால் அப்படியும் பில்லில் எழுத வேண்டும். வழக்கறிஞர் வரி வசூலிக்காததால் பிரித்து எழுதும் தேவை போய்விட்டது என்று எண்ணுவது தவறு. வரியைக் கட்டப்போகும் கட்சிக்காரர்தான் இப்போது 78,000-ஐக் கண்டுபிடிக்க வேண்டியவர். 1,14,000 என்ற ஒற்றை எண்ணை மட்டும் கொடுத்தால் அவர் அதன் மீது முழுதாகக் கட்டுவார், அல்லது தம் விருப்பப்படி எதையாவது கழித்துக் கட்டுவார்.

பணம் கொடுக்கும்போது மூலத்திலேயே வரி பிடிக்க வேண்டும் என்றால், எந்தத் தொகையிலிருந்து பிடிப்பது?

பிடித்தம் என்பது வழக்கறிஞரின் வருமானத்தின் மீதான வரியை முன்கூட்டியே எடுப்பது. ஆகவே அது வருமானமான பகுதியோடு நிற்க வேண்டும். சேவை வரி அரசுக்குப் போகும் பணம் என்பதால், அதைத் தனியாகக் காட்டியிருந்தால் அதன் மீது பிடிக்க வேண்டியதில்லை என்று இந்தியாவின் மத்திய நேரடி வரிகள் வாரியம் 2017-ஆம் ஆண்டின் 23-ஆம் எண் சுற்றறிக்கையில் தெளிவாக்கியது. அந்தச் சலுகை ‘தனியாகக் காட்டியிருந்தால்’ என்ற நிபந்தனையோடு வருகிறது.

கட்சிக்காரர் சார்பில் செலுத்திய தொகையில் நிறுவனங்களின் கணக்குப் பிரிவினர் எச்சரிக்கையாக இருக்கிறார்கள். கட்டணமும் செலவும் ஒரே பில்லில் இருந்தால் முழுவதன் மீதும் பிடித்துவிடுவது அவர்கள் பழக்கம். அதைத் தவிர்க்க, ‘இ’ பகுதியைத் தனிப் பில்லாக, ‘செலவு மீட்பு’ என்ற தலைப்பில், மூல ரசீதுகளோடு அனுப்பும் வழக்கறிஞர்கள் உண்டு. நீதிமன்றக் கட்டணத்தில் பத்தில் ஒரு பங்கு பிடிக்கப்பட்டு மீதி மட்டும் வந்தால், வருமானமே அல்லாத பணத்தின் மீது பிடித்த வரியை ஆண்டு முடிவில் கேட்டுப் பெற வேண்டியிருக்கும். அதைவிட இரண்டு பில் எழுதுவது எளிது.

கணக்குத் தெரியாத கட்சிக்காரர், வந்த பில் சரிதானா என்று எப்படிப் பார்ப்பது?

வரியிலிருந்து பின்னோக்கிப் போக வேண்டும். பில்லில் உள்ள வரித் தொகையை வரி விகிதத்தால் வகுத்தால், எந்த மதிப்பின் மீது வரி போட்டார்கள் என்பது வெளிப்படும். 7,800-ஐ 10 விழுக்காட்டால் வகுத்தால் 78,000. இப்போது பில்லில் உள்ள எந்தெந்த உருப்படிகளைக் கூட்டினால் 78,000 வருகிறது என்று பார்க்கவும். நீதிமன்றக் கட்டணம் அந்தக் கூட்டுத்தொகைக்குள் வந்தால் கேள்வி கேட்க வேண்டும். பயணச் செலவு வெளியே நின்றாலும் கேட்க வேண்டும். எந்தக் கூட்டலும் அந்த எண்ணைத் தரவில்லை என்றால், வரியைத் தனியாக யாரோ மனக்கணக்கில் போட்டிருக்கிறார்கள்.

பிறகு ‘இ’ பகுதியின் ஒவ்வோர் உருப்படியையும் இணைப்பு ரசீதோடு வைத்துப் பார்க்கவும். தொகை அப்படியே பொருந்துகிறதா, வழக்கு எண்ணோ உங்கள் பெயரோ அதில் இருக்கிறதா, தேதி உங்கள் வழக்கு நடந்த காலத்துக்குள் வருகிறதா என்ற மூன்றையும் பார்த்தால் போதும். நீதிமன்றக் கட்டணம் பெரும்பாலும் வழக்கின் மதிப்பிலிருந்து கணக்கிடப்படுவதால், அது துல்லியமான ஆயிரங்களில் நிற்பது அரிது; ரசீது இல்லாமல் வட்டமான எண் வந்தால் அது மதிப்பீடு, செலவு அல்ல. வழக்கு தாக்கலாகும் முன்பே பில் அனுப்பியிருந்தால் மதிப்பீடு வருவது இயல்புதான். அப்போது அதை முன்பணக் கோரிக்கை என்று எழுதியிருக்க வேண்டும், கட்டி முடித்த செலவாக எழுதியிருக்கக் கூடாது.

வழக்கில் வென்றால் எதிர்த்தரப்பிடம் செலவுத்தொகை கேட்கும்போது இந்தப் பிரிவு உதவுமா?

உதவும். செலவுத்தொகை வழங்கும் நீதிமன்றம் பில்லின் மொத்தத்தை அப்படியே ஏற்பதில்லை. நீதிமன்றக் கட்டணத்தை ரசீதின்படியும், வழக்கறிஞர் கட்டணத்தைத் தான் நியாயம் என்று கருதும் அளவிலும் மதிப்பிடுவது பொது வழக்கம். ஒற்றைத் தொகையாக வந்த பில்லை வைத்துக்கொண்டு இதைக் கேட்டால், ரசீதின்படி முழுதாகக் கிடைத்திருக்க வேண்டிய பகுதியும் மதிப்பீட்டுக்குள் சிக்கிக் குறைந்துவிடும். வரிப் பகுதியில் ஒரு நுணுக்கம் உண்டு: கட்சிக்காரர் அந்த வரிக்கு ஏற்கெனவே வரவு எடுத்திருந்தால் அது அவருக்குச் செலவே அல்ல, ஆகவே எதிர்த்தரப்பிடம் கேட்பது பொருந்தாது.

தவறாகப் பிரித்த பில்லை அனுப்பியாகிவிட்டது. அதிலேயே அடித்துத் திருத்தலாமா?

வரிக் கணக்கில் ஏறிய பில்லைக் கையால் திருத்துவது செல்லாது. வரி கூடுதலாகப் போடப்பட்டிருந்தால், பழைய பில்லின் எண்ணையும் தேதியையும் குறிப்பிட்டு, அதன் தொகையைக் குறைக்கும் வரவுக் குறிப்பு ஒன்றைக் கொடுக்க வேண்டும்; நம் எடுத்துக்காட்டில் அது 3,600-க்கானதாக இருக்கும். கட்சிக்காரர் அந்த வரிக்கு வரவு எடுத்திருந்தால் அதை அவர் திருப்ப வேண்டும் என்பதால், குறிப்பு அவர் கைக்குப் போவது கட்டாயம். வரி குறைவாகப் போடப்பட்டிருந்தால், தொகையைக் கூட்டும் பற்றுக் குறிப்பு கொடுக்க வேண்டும். இரண்டுக்கும் சட்டங்களில் காலவரம்பு உண்டு. அது கடந்த பிறகு, அதிகமாகக் கட்டிய வரியைக் கணக்கில் சரிசெய்யும் வழி பெரும்பாலும் அடைபட்டு, கட்சிக்காரருக்குத் திருப்பித் தர வேண்டிய பணம் வழக்கறிஞரின் சொந்தக் கையிலிருந்து போகும்.